ஊசி போட்டதும் எழுந்துவிட்டான், அப்புறம் எதற்கு மறுநாள் வரை?

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய் வலிக்காக 60 மி.கி. மார்ஃபின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், காலை ஒன்று இரவு ஒன்று. போன மாதம் என் தம்பி முதுகுவலி தாங்காமல் இரவு 8 மணிக்கு அதில் இரண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டான். பலமாகக் குறட்டை விட்டான், நன்றாகத் தூங்குகிறான் என்று விட்டுவிட்டோம். 11 மணிக்குப் பார்த்தால் எழுப்பவே முடியவில்லை. மருத்துவமனையில் நலாக்சோன் ஊசி போட்டார்கள். இரண்டே நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, ‘என்னை எதற்கு இங்கே தூக்கிவந்தீர்கள்’ என்று சண்டை போட்டான். வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம் என்றோம், விடவில்லை. மறுநாள் இரவுதான் அனுப்பினார்கள். மாற்று மருந்து வேலை செய்துவிட்ட பிறகு எதற்காக வைத்திருக்க வேண்டும், பில்லை ஏற்றுவதற்கா? வீட்டிலேயே ஒரு நலாக்சோன் வாங்கி வைத்துக்கொண்டால் இனி மருத்துவமனைக்கு ஓட வேண்டியதில்லை அல்லவா?
— பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

பதில்: உங்கள் தம்பி எழுந்து உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் விழுங்கிய மார்ஃபினில் கணிசமான பகுதி இன்னும் குடலிலேயே கிடந்தது. ஊசி அதை அழிக்கவில்லை, வெளியேற்றவும் இல்லை. பில் பற்றிய சந்தேகம் பல இடங்களில் நியாயமானதுதான், நானே அப்படிச் சந்தேகப்பட்டதுண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அன்றிரவே வீட்டுக்கு அனுப்பியிருந்தால்தான் அந்த மருத்துவர்மேல் நான் கோபப்பட்டிருப்பேன்.

முதலில் அந்தக் குறட்டையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இரவு 8 மணியிலிருந்து 11 மணிவரை வீட்டில் நடந்தது அதற்குள்தான் இருக்கிறது. மார்ஃபின், மெத்தடோன், ஃபென்டனில், ஹெராயின் எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பம். வலியைக் குறைக்கிற அதே ஏற்பிகள் வழியாகத்தான் இவை மூளைத்தண்டில் மூச்சை நடத்துகிற இடத்தையும் மந்தப்படுத்துகின்றன. ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது ‘மூச்சு விடு’ என்று உடம்பு தன்னையே உந்தும் அல்லவா, அந்த உந்துதல்தான் மங்கிப்போகிறது. அதனால் மூச்சுத் திணறலோ தவிப்போ எதுவும் வெளியே தெரியாது. ஆள் அமைதியாக இருப்பார், மூச்சு மட்டும் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போகும். கூடவே தொண்டைத் தசைகள் தளர்ந்து நாக்கு பின்னால் சரிவதால், உள்ளே போகிற கொஞ்சக் காற்றும் அடைபட்ட குழாயில் போவதுபோல் கரகரவென்று போகும். வெளியே கேட்பவர்களுக்கு அது குறட்டை. வழக்கமாகக் குறட்டை விடாதவர் விடுகிறார், அல்லது குறட்டைக்கும் குறட்டைக்கும் நடுவில் நீண்ட இடைவெளி வருகிறது, அல்லது தண்ணீர் கொப்பளிப்பதுபோல் ஒரு சத்தம் கலந்திருக்கிறது என்றால், அதைத் தூக்கம் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது.

எப்படிப் பிரித்தறிவது? பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டுத் தோளைக் குலுக்குங்கள். அசையவில்லை என்றால் விரல் முட்டிகளால் நெஞ்செலும்பின் நடுவில் அழுத்தித் தேயுங்கள். நன்றாகவே வலிக்கும், எவ்வளவு ஆழ்ந்து தூங்குபவரும் முகம் சுளித்துக் கையைத் தட்டிவிடுவார். அதற்கும் எழவில்லை என்றால் அது மயக்கம். அடுத்து மூச்சு. பெரியவர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். ஓபியாய்டு மிகையானவருக்கு அது எட்டாக, ஆறாக, சில சமயம் நான்காக இறங்கியிருக்கும். நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தபடி கடிகாரத்தில் ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்கு தப்பும், அவ்வளவு மெதுவான மூச்சில் ஒரு மூச்சு கூடக் குறைந்தாலே விடை மாறிவிடும். ஆனால் ஆள் எழவும் இல்லை, மூச்சு இருக்கிறதா என்றே சந்தேகமாக இருக்கிறது என்றால் எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள், நேராக உதவியில் இறங்குங்கள்.

கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, உண்மைதான். இருந்தால் நல்ல தடயம். இல்லாததால் ஓபியாய்டு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஆக்ஸிஜன் ரொம்ப நேரம் குறைந்துவிட்டாலோ, வேறு மருந்து கலந்திருந்தாலோ கண்மணி விரிந்தும் இருக்கலாம். டிரமடால், பெத்திடின் போன்றவற்றில் சுருக்கம் தெரியாமலே போகலாம். உதடும் நகமும் நீலம் பாய்வது கறுத்த தோலில் லேசில் தெரியாது. கீழுதட்டை மடக்கி உட்புறத்தைப் பாருங்கள், அது சாம்பல் நிறமாக இருந்தால் போதும். ஆனால் நிறத்துக்காகக் காத்திருக்காதீர்கள், நிறம் மாறுவதற்கு முன்பே மூச்சு சொல்லிவிடும்.

அப்பா தினமும் இரண்டு போடுகிறார், தம்பிக்கு இரண்டில் இப்படி ஆகுமா என்ற கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். அப்பாவின் உடம்பு வாரக்கணக்கில் பழகியது. கொஞ்சத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றித்தான் 60-க்குக் கொண்டுவந்திருப்பார்கள். மார்ஃபினே தொடாத ஒருவருக்கு வாய்வழியாக ஆரம்பிக்கும்போது ஒரு வேளைக்கு 5 அல்லது 10 மி.கி. தான் கொடுப்போம். உங்கள் தம்பி ஒரே நேரத்தில் 120 போட்டிருக்கிறார்.

சரி, ஊசிக்கு வருவோம். நலாக்சோன் 1961-இல் காப்புரிமை பெற்ற, 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய மருந்து. அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. ஓபியாய்டு உட்காருகிற ஏற்பிகளை நாற்காலிகள் என்று வைத்துக்கொண்டால், நலாக்சோன் வந்து மார்ஃபினை எழுப்பி விட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்து எதையும் செய்யாது, இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மூச்சு அவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது: நரம்பில் போட்டால் ஓரிரு நிமிடம், தசையிலோ மூக்கு ஸ்பிரேயாகவோ கொடுத்தால் இன்னும் சற்று கூடுதலாகும். ஆனால் எழுந்துபோன மார்ஃபின் அறையை விட்டுப் போகவில்லை, நாற்காலி எப்போது காலியாகும் என்று பக்கத்திலேயே நிற்கிறது. நலாக்சோனைக் கல்லீரல் மளமளவென்று சிதைத்துவிடும். பொதுவாக 30 முதல் 90 நிமிடம்தான் அதன் ஆட்சி.

இப்போது உங்கள் தம்பியின் இரவைக் கடிகாரத்தோடு பார்ப்போம். இரவு 8 மணிக்கு மாத்திரை. காலை ஒன்று இரவு ஒன்று என்று கொடுக்கிறார்கள் என்றால் அது மெதுவாக மருந்தை விடும் வகை, ஏறக்குறைய 12 மணி நேரத்துக்குக் குடலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டது. ஆக அது காலை 8 மணிவரை ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும், சேர்ந்தது கழிய அதற்கு மேலும் பல மணி நேரம் ஆகும். 11 மணிக்கு நீங்கள் பார்த்தீர்கள். போய்ச் சேர்ந்து ஊசி போட 11.30 ஆகியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 11.32-க்கு எழுந்து சண்டை போடுகிறார். 12 மணியிலிருந்து நலாக்சோன் தளரத் தொடங்குகிறது, 1 மணிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். குடலிலோ இன்னும் ஏழு மணி நேரத்துக்குச் சரக்கு மிச்சம். நீங்கள் 12 மணிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருந்தால் வீட்டுக்கு வந்து, ‘களைப்பாக இருக்கிறது’ என்று அவர் படுத்திருப்பார். நீங்களும் விளக்கை அணைத்திருப்பீர்கள். மறுபடி அதே குறட்டை வந்திருக்கும், வீடே தூங்குகிற நேரத்தில்.

மாற்று மருந்து ஒன்றுதான் என்றாலும் காத்திருக்கும் நேரம் ஒன்றல்ல. ஹெராயின் போலச் சீக்கிரம் கழிகிற சரக்கு என்றால், கடைசி நலாக்சோனுக்குப் பிறகு சில மணி நேரம் எந்தச் சிக்கலும் இல்லாமல் கழிந்தால் அனுப்பலாம். மெதுவாக விடும் மாத்திரை, மெத்தடோன் போன்றவை என்றால் ஒரு முழு நாளோ அதற்கு மேலோகூட ஆகலாம். மெத்தடோன் பாதியாகக் குறையவே சிலருக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஃபென்டனில் பேட்ச் என்றால் அதைப் பிய்த்து எறிந்த பிறகும் தோலுக்கு அடியில் தேங்கியது பல மணி நேரம் ரத்தத்துக்கு வந்துகொண்டிருக்கும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு மார்ஃபினின் சிதைவுப் பொருள் ஒன்று வெளியேறாமல் தேங்கும், அதுவும் மார்ஃபினைப் போலவே மூச்சை அமுக்கும். எனவே என்ன மருந்து, எத்தனை, எப்போது என்ற மூன்றும் தெரிந்தால்தான் மருத்துவரால் கணக்குப் போட முடியும். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோவது ஆயிரம் விளக்கத்துக்குச் சமம்.

இப்படி நீண்ட நேரம் நீடிக்கிற மருந்தாக இருந்தால், திரும்பத் திரும்பக் குத்துவதற்குப் பதிலாக நலாக்சோனை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவோம். மூச்சைத் திருப்பிக் கொண்டுவர எவ்வளவு தேவைப்பட்டதோ, அதில் மூன்றில் இரண்டு பங்கை ஒரு மணி நேரத்துக்கு என்று தொடங்குவது வழக்கம். 0.6 மி.கி.யில் எழுந்தார் என்றால் மணிக்கு 0.4 மி.கி. அப்புறம் மூச்சைப் பார்த்துக் கூட்டுவோம், குறைப்போம். சொட்டு நிறுத்தியதும் வேலை முடிந்துவிடாது. துணை இல்லாமல் தம்பியின் மூச்சு தானாகச் சீராக நடக்கிறதா என்று மறுபடி சில மணி நேரம் பார்க்க வேண்டும். மறுநாள் இரவு வரை என்று நீங்கள் சொன்னபோது எனக்கு இந்த வரிசைதான் நினைவுக்கு வந்தது.

அந்த நேரத்தில் செவிலியர்கள் சும்மா வந்து எட்டிப் பார்த்துப் போவதுபோல் உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அவர்கள் பார்த்தது மூச்சின் எண்ணிக்கையை. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அரைமயக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருந்தால், கையைத் தொட்டால், அந்தத் தூண்டுதலிலேயே மூச்சு கூடிவிடும். அறையை விட்டு வெளியே வந்தால் ஏழுக்கு இறங்கிவிடும். ஆகவே அனுபவமுள்ள செவிலியர் கட்டிலருகே சத்தம் போடாமல் நின்று ஒரு நிமிடம் எண்ணிவிட்டுத்தான் ‘தம்பி, எப்படி இருக்கிறீர்கள்’ என்று கேட்பார்.

விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது பல வீடுகளில் இருக்கிறது, பலரையும் ஏமாற்றுகிறது. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் போட்டிருக்கும்போது ஒருவர் நிமிடத்துக்கு ஆறு முறை மூச்சு விட்டாலும் அது 97, 98 என்று காட்டும். உள்ளே கரியமில வாயு தேங்கிக்கொண்டிருப்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. அதனால் ஆக்ஸிஜன் ஏறுகிறவரிடம் எண்ணிக்கைதான் முதல் சாட்சி, வெளிமூச்சில் கரியமில வாயுவை அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஆக்ஸிஜன் இல்லாமல் சாதாரணக் காற்றில் இருப்பவருக்கு ஆக்ஸிமீட்டரின் எண் குறைந்தால் நம்பலாம். சரியாக இருக்கிறது என்பதற்காக மட்டும் நிம்மதி அடையக் கூடாது.

மூச்சு மறுபடி இறங்குவது மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தால் அடுத்த சில மணி நேரத்தில்தான் இருமலும் காய்ச்சலும் தலைகாட்டும். சிலருக்கு நலாக்சோனுக்குப் பிறகு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு: மூச்சு வாங்கும், இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வரும். வேறு ஏதாவது மாத்திரையும் சேர்த்துப் போட்டாரா, முதுகுவலிக்காகத்தான் போட்டாரா என்று அவரிடம் தனியாகக் கேட்பதும் அந்த நேரத்தில்தான். கேட்டிருந்தால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கேட்கத்தான் வேண்டும்.

அவர் சண்டை போட்டதற்கும் காரணம் உண்டு. மயக்கத்திலிருந்து ஒரே இழுப்பில் வெளியே வந்தவருக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது. தினமும் ஓபியாய்டு எடுக்கிறவராக இருந்தால் இன்னும் மோசம்: வியர்வை, வாந்தி, உடம்பு வலி, பதற்றம் எல்லாம் ஒரே நேரத்தில் தாக்கும். அதனால்தான் மருத்துவமனையில் பொதுவாகச் சிறு அளவில், 0.04 மி.கி. போலத் தொடங்கி, மூச்சு சீராகும் அளவுக்கு மட்டும் ஏற்றிக்கொண்டுபோகப் பார்ப்போம். மூச்சே நின்றுபோனவருக்கு எடுத்த எடுப்பில் அதிகமாகவே போடுவோம். கண்ணைத் திறந்து பேச வைப்பது எங்கள் இலக்கு இல்லை. பழக்கமானவர்கள் இந்த வேதனையில் இன்னொரு முறை போட்டுக்கொள்ளத் துடிப்பார்கள். அப்போது போட்டது உடனே வேலை செய்யாது, நாற்காலி நிரம்பியிருக்கிறதே. ஒரு மணி நேரம் கழித்து நலாக்சோன் இறங்கும்போது பழையதும் புதியதும் சேர்ந்து தாக்கும். தனியாக விட்டுவிடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

வீட்டில் நலாக்சோன் வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. ஓபியாய்டு மிகையை நேரில் பார்க்க வாய்ப்புள்ள குடும்பத்தாருக்கும் அது கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-இலேயே பரிந்துரைத்திருக்கிறது. கிடைப்பதும் வாங்குவதற்கான விதியும் நாட்டுக்கு நாடு மாறும், அப்பாவுக்கு மார்ஃபின் எழுதுகிற மருத்துவரிடமே கேளுங்கள். ஆனால் அது ஆம்புலன்ஸுக்குப் பதில் இல்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை ஆளைப் பிடித்துவைக்கிற மருந்து, அவ்வளவுதான்.

மறுபடி ஒருவர் அப்படிக் கிடந்தால் முதலில் ஆம்புலன்ஸை அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். ஸ்பிரே என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, ஒரு மூக்குத் துவாரத்தில் முழுவதையும் அழுத்திவிடுங்கள். சோதனைக்காக முன்பே ஒருமுறை அழுத்திப் பார்க்காதீர்கள், பெரும்பாலான ஸ்பிரேக்களில் ஒரே ஒரு தடவைக்குத்தான் மருந்து இருக்கும். அது வேலை செய்யும்வரை மூளை காத்திருக்காது, எனவே தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கை மூடிக்கொண்டு ஐந்து நொடிக்கு ஒரு முறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், நெஞ்சு எழ வேண்டும். மூச்சு சுத்தமாக இல்லை, நாடித்துடிப்பும் தெரியவில்லை என்றால் நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், போனில் இருப்பவர் வழிகாட்டுவார். இரண்டு மூன்று நிமிடத்தில் மாற்றம் இல்லையென்றால் அடுத்த ஸ்பிரேயை மற்ற துவாரத்தில். மூச்சு சீரானதும் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைத்து, ஒருவர் பக்கத்திலேயே இருந்து எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். காபி, உப்புத் தண்ணீர், தலையில் குளிர்ந்த நீர், எதுவும் வேண்டாம், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும்.

என்ன எடுத்தார் என்று தெரியாவிட்டாலும் கொடுக்கலாம். ஓபியாய்டு இல்லாத உடம்பில் அது பெரும்பாலும் எதுவும் செய்யாது. மதுவும் தூக்க மாத்திரையும் கலந்திருந்தால் அவற்றின் மயக்கம் அப்படியே இருக்கும், ஓபியாய்டின் பங்கு மட்டும் விலகும். அதனால் மூச்சு திரும்பியும் ஆள் எழவில்லை என்றால், ‘மருந்து கெட்டுப்போச்சு’ என்று அடுத்தடுத்து ஸ்பிரே அடித்துக்கொண்டிருக்காமல் மூச்சைக் கவனியுங்கள்.

கடைசியாக அப்பா. இந்த ஸ்பிரேயை அவருக்குப் பயன்படுத்துவதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். முழு அளவு நலாக்சோன் அவருடைய வலி நிவாரணம் மொத்தத்தையும் ஒரே நொடியில் பிடுங்கிவிடும், புற்றுநோய் வலி முழுதாகத் திரும்பும். அவர் வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குகிறார், ஆனால் கூப்பிட்டால் கண் திறந்து ஒழுங்காகப் பதில் சொல்கிறார், மூச்சும் பத்துக்கு மேல் இருக்கிறது என்றால் ஸ்பிரே வேண்டாம். அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் வைத்துவிட்டு உடனே அவருடைய மருத்துவரைக் கூப்பிடுங்கள், சிறுநீர் குறைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நெஞ்செலும்பைத் தேய்த்தும் எழவில்லை, மூச்சும் இறங்கிவிட்டது என்றால் அவருக்கும் அதே ஸ்பிரேதான், அதே ஆம்புலன்ஸ்தான். ஒரு விதிவிலக்கு: கடைசிக் கட்டத்தில் இருக்கிறார் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் மூச்சு மெதுவாவது நோயினாலும் நடக்கும், அப்போது என்ன செய்வது என்பதை இப்போதே அவரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளைப் பூட்டி வைத்து, சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அட்டையில் எத்தனை மிச்சம் என்று ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் எழுதி வையுங்கள். தம்பியின் முதுகுவலிக்கும் தனியாக ஒரு மருத்துவரைப் பாருங்கள், அது இன்னும் அப்படியேதான் இருக்கும்.